உள்ளீட்டு வரி வரவு வேறுபாடு: ரூ. 4,86,300 கேட்டு வந்த நோட்டீஸுக்கு நான் எழுதிய பதில் சரிதானா?

பட்டறை இயக்குநர் — 4 அக்டோபர் 2025

அனைவருக்கும் வணக்கம். பதினொரு பேர் வேலை செய்யும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் இரண்டு இயக்குநர்களில் நான் ஒருவன். இயந்திர உதிரிபாகங்கள் செய்து கொடுக்கிறோம். 2021-22 நிதியாண்டுக்கு மாநில வரி அலுவலரிடமிருந்து ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 73இன் கீழ் DRC-01 நோட்டீஸ் வந்திருக்கிறது. அதன் தேதி 22 செப்டம்பர் 2025. பதில் தர முப்பது நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

நாங்கள் அந்த ஆண்டு எங்கள் மாத ரிட்டர்னான GSTR-3Bஇல் எடுத்த உள்ளீட்டு வரி வரவு ரூ. 31,42,600 என்றும், சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து போர்ட்டல் தயாரிக்கும் GSTR-2Bஇல் எங்களுக்குக் காட்டப்பட்டிருப்பது ரூ. 26,56,300 மட்டுமே என்றும், எனவே மீதமுள்ள ரூ. 4,86,300ஐ வட்டியுடனும் பத்து சதவீத அபராதத்துடனும் ஏன் வசூலிக்கக் கூடாது என்றும் கேட்டிருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் இதே விஷயத்துக்கு விளக்கம் கேட்டு ASMT-10 நோட்டீஸ் வந்தது. அப்போது எங்கள் கணக்காளர் "எல்லா பில்களும் எங்களிடம் உள்ளன, வரவு சரியாகவே எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டார். நானும் அத்துடன் முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இப்போது நானே ஒரு பதில் எழுதியிருக்கிறேன். அதன் முக்கியமான பகுதி இது:

"எங்கள் நிறுவனம் ஒவ்வொரு சப்ளையருக்கும் பில் தொகையை வரியோடு சேர்த்து வங்கி வழியாகச் செலுத்தியுள்ளது. சப்ளையர்கள் அதை அரசுக்குச் செலுத்தினார்களா, தங்கள் ரிட்டர்னில் சரியாகக் காட்டினார்களா என்பது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ஒரே வரியை எங்களிடம் இரண்டு முறை வசூலிப்பது நியாயமாகாது. சிறு நிறுவனமாகிய எங்கள் நிலையைக் கருதி நோட்டீஸைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதனுடன் அந்த ஆண்டின் எல்லா கொள்முதல் பில்களையும் ஸ்கேன் செய்து இணைக்க எண்ணியிருக்கிறேன். இது போதுமா? ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஆனாலும் கையெழுத்துப் போடுபவன் நான் என்பதால், எதில் கையெழுத்திடுகிறேன் என்று புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

வணிகநேசன் — 4 அக்டோபர் 2025

கவலைப்படாதீர்கள் ஐயா. இதற்கென்றே சுற்றறிக்கை இருக்கிறது: 27 டிசம்பர் 2022 தேதியிட்ட 183ஆம் எண். ஒரு சப்ளையரிடம் வித்தியாசம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால், "பொருளை விற்றேன், வரியையும் கட்டிவிட்டேன்" என்று அந்த சப்ளையரிடமே சான்று வாங்கிக் கொடுத்தால் போதும். ஐந்து லட்சத்துக்கு மேல் போனால்தான் ஆடிட்டர் சான்று வேண்டும். உங்கள் மொத்த வித்தியாசமே ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால், சப்ளையர்களிடம் சான்று வாங்கி இணைத்தால் நோட்டீஸ் அத்துடன் முடிந்துவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். 2021-22 நிதியாண்டு முடிந்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. எனவே நோட்டீஸே காலாவதியாகிவிட்டது என்று முதல் பத்தியிலேயே எழுதலாம்.

---

நெடுநாள் கணக்கர் — 5 அக்டோபர் 2025

வணிகநேசன் அவர்கள் சொன்னதில் பாதி சரி. மீதியை அப்படியே எழுதினால் பதிலுக்குக் கேடு வரும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டு என்பதை நிதியாண்டு முடிந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. அந்த ஆண்டுக்குரிய ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து எண்ண வேண்டும். 2021-22க்கு அது 31 டிசம்பர் 2022. ஆகவே பிரிவு 73இன் கீழ் உத்தரவு போட 31 டிசம்பர் 2025 வரை நேரம் இருக்கிறது. நோட்டீஸ் அதற்கு மூன்று மாதம் முன்னதாக வர வேண்டும். 22 செப்டம்பரில் வந்ததால் உங்கள் நோட்டீஸ் காலத்துக்குள்தான் இருக்கிறது. இந்த வாதத்தை முதல் பத்தியில் வைத்தால், கணக்குத் தெரியாமல் எழுதிய பதில் என்ற எண்ணத்தோடுதான் அலுவலர் மற்ற பக்கங்களைப் புரட்டுவார்.

183ஆம் சுற்றறிக்கை 2017-18, 2018-19 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கானது. அதை 1 ஏப்ரல் 2019 முதல் 31 டிசம்பர் 2021 வரை நீட்டித்தது 17 ஜூலை 2023 தேதியிட்ட 193ஆம் சுற்றறிக்கை. அந்த நீட்டிப்பு நிபந்தனையுடன்தான் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். இங்கே கவனிக்க வேண்டியது, உங்கள் நிதியாண்டின் நடுவிலேயே ஒரு கோடு விழுகிறது என்பது. ஏப்ரல் முதல் டிசம்பர் 2021 வரை கோட்டுக்கு ஒரு பக்கம், ஜனவரி முதல் மார்ச் 2022 வரை மறுபக்கம். 1 ஜனவரி 2022 முதல் பிரிவு 16(2)(ஏஏ) நடைமுறைக்கு வந்தது. சப்ளையர் தன் விற்பனை ரிட்டர்னான GSTR-1இல் அந்தப் பில்லைக் காட்டி அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால்தான் வரவு உண்டு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதற்குப் பிந்தைய பில்லுக்கு இந்தச் சுற்றறிக்கையின் சான்று உதவாது.

இயக்குநர் ஐயாவின் வரைவு மனதில் பட்டதை நேர்மையாகச் சொல்கிறது. ஆனால் அலுவலர் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. 4,86,300 ரூபாய் எந்தெந்த பில்களால் ஆனது என்பதுதான் அவருடைய கேள்வி. ஆண்டின் எல்லா பில்களையும் அடுக்கிக் கொடுத்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை அவரிடமே தள்ளுகிறீர்கள், அவர் அதைச் செய்ய மாட்டார். வரவு தனக்கு உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பை பிரிவு 155 வரவு எடுத்தவர் மீதுதான் வைக்கிறது.

எனவே பதில் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். கொள்முதல் பதிவேட்டையும் பன்னிரண்டு மாத 2Bயையும் பில் எண் வாரியாக ஒப்பிட்டு, பதிவேட்டில் இருந்து 2Bஇல் இல்லாதவற்றை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள். மொத்தம் சரியாக 4,86,300 வர வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் இன்னும் ஒரு பில் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

---

ஆழியூரான் — 5 அக்டோபர் 2025

எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது. நோட்டீஸ் வந்ததே தெரியாது. போர்ட்டலில் Services > User Services > View Additional Notices/Orders என்ற பக்கத்துக்குள் கிடந்திருக்கிறது. எங்கள் கணக்காளர் வழக்கமான நோட்டீஸ் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். உத்தரவும் வந்து, வங்கிக் கணக்கை முடக்கிய பிறகுதான் தெரிந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டோம். கேட்கப்பட்ட வரியில் பத்து சதவீதம் கட்டச் சொல்லி, உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். நீங்களும் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடுங்கள் ஐயா, அங்கேதான் நியாயம் கிடைக்கும்.

---

தேன்மொழி — 5 அக்டோபர் 2025

ஆழியூரான் அவர்களின் அனுபவம் உண்மையானது. அந்தப் பக்கத்தை வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று நானும் என் கட்சிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆனால் அவர்களுக்கு நிவாரணம் கிடைத்ததற்குக் காரணம், தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பே கிடைக்காமல் போனது. இங்கே நோட்டீஸ் கையில் இருக்கிறது, பதில் தர நாளும் இருக்கிறது. இந்த நிலையில் ரிட் போட்டால், முதலில் பதில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வார்கள்.

நான் வழக்கறிஞர், வரி வழக்குகளை மட்டும் பார்க்கிறேன். இயக்குநர் அவர்களுக்கு இப்போதே ஒரு சொல். DRC-06இல் பதில் போடும்போது நேரில் விசாரணை வேண்டுமா என்ற கேள்வி வரும். அதில் Yes என்பதைத் தேர்ந்தெடுங்கள். பதிலின் கடைசிப் பத்தியிலும் அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் வாய்ப்புத் தர வேண்டும் என்று பிரிவு 75(4) சொல்கிறது. சிறு நிறுவனங்கள் பல இந்த இடத்தில் No என்று போட்டுவிட்டுப் பிறகு வருந்துகின்றன.

---

பட்டறை இயக்குநர் — 9 அக்டோபர் 2025

நான்கு நாள் கணக்காளருடன் உட்கார்ந்து ஒப்பிட்டுவிட்டோம். மொத்தம் ரூபாய் பிசகாமல் வந்தது. நான் நினைத்ததற்கு மாறாக, நான்கே நான்கு காரணங்களுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

முதலாவது, மார்ச் 2021 கடைசி வாரத்தில் போடப்பட்ட ஆறு பில்கள், வரி ரூ. 1,12,400. சரக்கு எங்களிடம் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்ததால் ஏப்ரல் 3Bஇல் வரவு எடுத்தோம். சப்ளையர்கள் மார்ச் மாத GSTR-1இலேயே காட்டியிருப்பதால், அவை மார்ச் 2021 2Bஇல், அதாவது முந்தைய நிதியாண்டில் இருக்கின்றன.

இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து வாங்கிய ஒரு சோதனைக் கருவிக்குச் சுங்கத்தில் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. ரூ. 1,24,000. இதை 3Bஇல் இறக்குமதிக்கான 4(A)(1) கட்டத்தில் போடாமல், மற்றவற்றோடு சேர்த்து 4(A)(5)இல் போட்டுவிட்டோம்.

மூன்றாவது, ஒரே சப்ளையரின் இரண்டு பில்கள். ஆகஸ்ட் 2021இல் ரூ. 41,900, செப்டம்பரில் ரூ. 55,000, சேர்த்து ரூ. 96,900. அவர் எங்கள் பதிவு எண்ணைப் போடாமல், பதிவு பெறாத வாடிக்கையாளருக்கு விற்றதுபோல் காட்டிவிட்டார். வரியைக் கட்டியிருக்கிறார், சான்று தரவும் சம்மதித்துவிட்டார்.

நான்காவதுதான் என்னை உறங்கவிடவில்லை. பிப்ரவரி 2022இல் ரூ. 8,50,000க்குப் பொருள் வாங்கி, ரூ. 1,53,000 வரியும் சேர்த்து வங்கி வழியாக முழுத் தொகையும் கொடுத்தோம். அந்த சப்ளையர் அந்த மாத ரிட்டர்ன் எதையும் போடவில்லை. பிறகு அவருடைய பதிவும் ரத்தாகிவிட்டது. தொலைபேசி எடுப்பதில்லை. கொடுத்த வரியை மறுபடியும் நான் கட்ட வேண்டும் என்றால், நான் செய்த தவறுதான் என்ன?

---

நெடுநாள் கணக்கர் — 9 அக்டோபர் 2025

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். பதிலில் பெரும்பகுதி இப்போதே முடிந்துவிட்டது. இனி நான்கையும் நான்கு விதமாக நடத்த வேண்டும். ஒரே வாதத்தில் எல்லாவற்றையும் கட்டினால், நான்காவதின் பலவீனம் முதலாவதையும் இழுத்துக்கொண்டு போகும்.

மார்ச் பில்களைப் பொறுத்தவரை சட்டம் உங்கள் பக்கம். சரக்கு கைக்கு வந்த பிறகுதான் வரவு எடுக்க முடியும், நீங்களும் அப்படித்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் அலுவலர் மனதில் ஒரே ஒரு சந்தேகம் வரும்: இதை மார்ச் மாதத்திலும் எடுத்து ஏப்ரலிலும் எடுத்திருப்பார்களோ? அதை அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே தீர்த்துவிடுங்கள். மார்ச் 2021 கொள்முதல் பதிவேட்டின் மொத்தத்துக்கும் மார்ச் 3Bஇல் எடுத்த வரவுக்கும் ஒரு பக்க ஒப்பீடு, அதில் இந்த ஆறு பில்களும் இல்லை என்று தெரிய வேண்டும். கூடவே மார்ச் 2021 2Bஇன் அந்த வரிகள், இ-வே பில்கள், வாயில் பதிவேட்டின் ஏப்ரல் பக்கம். 2020-21 ஆண்டு ரிட்டர்னின் 13ஆம் அட்டவணையில் இந்தத் தொகையைக் காட்டியிருந்தால் அதையும் இணையுங்கள். காட்டாமல் விட்டிருந்தாலும் பயமில்லை, அந்த ஆண்டுக்கு அதை நிரப்புவது கட்டாயமாக இருக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இறக்குமதி விஷயம் கட்டம் மாறிப்போனது மட்டுமே. பில் ஆஃப் என்ட்ரியையும், சுங்கத்தில் பணம் கட்டிய ரசீதையும், 2Bஇன் இறக்குமதிப் பகுதியில் அது இருக்கும் பக்கத்தையும் இணையுங்கள். அந்த ஆண்டு முழுவதும் 4(A)(1) கட்டம் பூஜ்யமாகவே இருந்தது என்று பன்னிரண்டு 3Bகளையும் வைத்துக் காட்டுங்கள். நோட்டீஸில் ஒப்பிட்ட 2B தொகை உள்நாட்டுப் பில்களுக்கானது மட்டும்தானா என்று அதன் இணைப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அதன் மேல்தான் இந்த வாதம் நிற்கிறது.

மூன்றாவதில்தான் நான் முன்பு சொன்ன நிபந்தனை வருகிறது. 2021 ஆம் ஆண்டில் விதி 36(4) நடைமுறையில் இருந்தது. 2Bஇல் காணப்படும் தகுதியான வரவுக்கு மேல் ஐந்து சதவீதம் வரைதான், காணப்படாத பில்களுக்கு எடுக்கலாம். 193ஆம் சுற்றறிக்கை சப்ளையர் சான்றை ஏற்கச் சொல்கிறது, ஆனால் அந்த ஐந்து சதவீதத்தைத் தாண்டாத வரையில்தான். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் 2B மொத்தம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

பட்டறை இயக்குநர் — 9 அக்டோபர் 2025

ஆகஸ்ட் ரூ. 2,36,000. செப்டம்பர் ரூ. 2,64,000. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை சேர்த்து ரூ. 19,80,000.

---

நெடுநாள் கணக்கர் — 10 அக்டோபர் 2025

மாதக் கணக்கில் பார்த்தால் ஆகஸ்டுக்கு ஐந்து சதவீதம் ரூ. 11,800, செப்டம்பருக்கு ரூ. 13,200. ஆக ரூ. 25,000 மட்டுமே சான்றால் காப்பாற்றப்படும். மீதி ரூ. 71,900 வெளியே நிற்கும். விதியை மாதந்தோறும் பார்க்க வேண்டும் என்பதுதான் துறை சொல்லி வந்தது. எனக்கும் அதுவே நேரான வாசிப்பாகப் படுகிறது.

---

தேன்மொழி — 10 அக்டோபர் 2025

இந்த இடத்தில் நான் ஐயாவிடமிருந்து வேறுபடுகிறேன். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மொத்தமாகப் பார்த்தால் 19,80,000இல் ஐந்து சதவீதம் ரூ. 99,000. அந்தக் காலத்தில் 2Bஇல் இல்லாத பில்கள் ரூ. 96,900 மட்டுமே. முழுவதும் அடங்கிவிடுகிறது. மாதந்தோறும்தான் பார்க்க வேண்டும் என்று அலுவலர் சொல்வாரானால், நோட்டீஸில் மட்டும் ஏன் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி ஒரே தொகையாக வித்தியாசம் கண்டுபிடித்தார்? வித்தியாசத்தை ஆண்டுக் கணக்கிலும் சலுகையை மாதக் கணக்கிலும் பார்ப்பது ஒரே உத்தரவில் இரண்டு அளவுகோல். இதை மரியாதையாக, ஆனால் தெளிவாக எழுதலாம்.

அதற்கும் கீழே இன்னொரு படி உண்டு. பிரிவு 16(2)(ஏஏ) அப்போது சட்டத்தில் இல்லை. வரி அரசுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதை சப்ளையரின் 3B காட்டுகிறது. எனவே பிரிவு 16(2)(சி) நிறைவேறிவிட்டது. விதியின் உச்சவரம்பை மட்டும் வைத்து, கட்டப்பட்ட வரிக்கான வரவை நிரந்தரமாக மறுக்கலாமா என்பதை மாற்று வாதமாக வையுங்கள்.

---

நெடுநாள் கணக்கர் — 10 அக்டோபர் 2025

வாதமாக வைக்கலாம் அம்மா, நான் தடுக்கவில்லை. ஆனால் இயக்குநர் அவர்கள் இதில் ரூ. 71,900 தோற்கக்கூடும் என்று தெரிந்துகொண்டே வைக்க வேண்டும். நான் பார்த்த அலுவலர்களில் சிலர் மொத்தக் கணக்கை ஏற்றார்கள், சிலர் ஏற்கவில்லை.

சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பில் எண், தேதி, மதிப்பு, வரி, எந்த மாத 3Bஇல் அந்த வரி கட்டப்பட்டது ஆகிய ஐந்தும் சப்ளையரின் பெயர் அச்சிட்ட தாளில் இருக்க வேண்டும். "வரி செலுத்தப்பட்டது" என்று மட்டும் எழுதிய சான்றை அலுவலர்கள் நிராகரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய GSTR-1இல் பதிவு பெறாதோர் விற்பனைத் தொகைக்குள் இந்தப் பில்கள் அடங்கியிருப்பதை அவருடைய விற்பனைப் பதிவேட்டுப் பக்கத்தோடு காட்டினால் சான்றுக்கு உயிர் வரும்.

---

வணிகநேசன் — 10 அக்டோபர் 2025

சுற்றறிக்கை விஷயத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன், திருத்தியதற்கு நன்றி. நான்காவதற்கு மட்டும் ஒன்று கேட்கிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் டி.ஒய். பீத்தல் எண்டர்பிரைசஸ் தீர்ப்பு இருக்கிறதே? விற்றவரை விசாரிக்காமல், அவரிடம் வசூலிக்க முயலாமல், வாங்கியவர் மேல் பாயக்கூடாது என்று 2021இல் சொன்னார்கள். கல்கத்தா உயர் நீதிமன்றமும் சன்கிராஃப்ட் எனர்ஜி வழக்கில் 2023இல் அதேபோலச் சொல்லி, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. அதைக் கொண்டு ரூ. 1,53,000ஐயும் எதிர்க்கலாமே?

---

தேன்மொழி — 11 அக்டோபர் 2025

அந்தத் தீர்ப்புகளை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவை 2022க்கு முந்தைய பில்களைப் பற்றியவை. பிப்ரவரி 2022 பில் கோட்டுக்கு மறுபக்கம் இருக்கிறது. அந்த மாத 2Bஇல் அந்தப் பில் இல்லை என்பது வரவு எடுத்த நாளன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடியது. வரியும் கட்டப்படவில்லை, பில்லும் காட்டப்படவில்லை, ஆக இரண்டு நிபந்தனைகள் விழுகின்றன. விற்றவரிடம் முதலில் வசூலியுங்கள் என்று கேட்கலாம், ஆனால் அந்தக் கேள்வியை மேல்முறையீடு வரை சுமந்து செல்ல வேண்டியிருக்கும். அதற்குள் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இயக்குநர் ஐயா, நீங்கள் செய்த தவறு என்னவென்று கேட்டீர்கள். பொருள் வாங்கியதிலோ பணம் கொடுத்ததிலோ தவறில்லை. 2Bயைப் பார்க்காமல் பதிவேட்டை மட்டும் வைத்து 3B போட்டதுதான். வரித் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, 2Bஇல் பில் வந்த பிறகு கொடுத்திருந்தால் இன்று இந்த இழப்பு உங்களுடையதாக இருந்திருக்காது. சொல்வதற்கு எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தச் சுமையைச் சட்டம் நேர்மையாக வாங்கியவர் மேல்தான் வைத்திருக்கிறது.

---

நெடுநாள் கணக்கர் — 11 அக்டோபர் 2025

கட்டுவது என்று முடிவு செய்தால், வட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிப்ரவரி 2022 ரிட்டர்ன் தேதியிலிருந்து கணக்கிட்டுவிடாதீர்கள். தவறாக எடுத்த வரவுக்கு, எடுத்ததற்காக மட்டும் வட்டி கிடையாது. அதைப் பயன்படுத்திய நாளிலிருந்துதான் 18 சதவீதம். மின்னணு வரவுப் பேரேட்டில் இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே இறங்கிய நாளே பயன்படுத்திய நாள் என்று விதி 88பி சொல்கிறது. மார்ச் 2022 முதல் உங்கள் பேரேட்டை இறக்கி, சி.ஜி.எஸ்.டி.யிலும் எஸ்.ஜி.எஸ்.டி.யிலும் தனித்தனியே இருப்பு ரூ. 76,500க்குக் கீழே எப்போது போனது என்று பாருங்கள்.

---

பட்டறை இயக்குநர் — 12 அக்டோபர் 2025

பார்த்தேன். கருவிக்கான வரவும் சேர்ந்திருந்ததால் இருப்பு நெடுங்காலம் உயரத்திலேயே இருந்திருக்கிறது. 20 நவம்பர் 2023 அன்றுதான் இரண்டு தலைப்பிலும் ஒரே நேரத்தில் பூஜ்யத்துக்கு வந்திருக்கிறது, அதற்கு முன் ஒருநாளும் 76,500க்குக் கீழே போகவில்லை.

20 அக்டோபர் 2025 அன்று கட்டினால் 700 நாள். வட்டி ரூ. 52,816 வருகிறது. 20 மார்ச் 2022இலிருந்து எண்ணியிருந்தால் 1,310 நாள், ரூ. 98,842 ஆகியிருக்கும். நாற்பத்தாறாயிரம் ரூபாய் வித்தியாசம் எங்களுக்கு ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளம். மிக்க நன்றி ஐயா.

இயக்குநர்கள் இருவரும் கலந்து பேசி, நான்காவதைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். திருத்திய பதிலின் மையப் பகுதியை இங்கே வைக்கிறேன்:

"தங்கள் நோட்டீஸில் கண்ட ரூ. 4,86,300 வேறுபாடு, இணைப்பு 1இல் பில் வாரியாகக் காட்டப்பட்டுள்ளபடி, பத்து ஆவணங்களால் ஆனது. அவற்றை நான்கு தலைப்புகளில் பிரித்து எங்கள் விளக்கத்தைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

ரூ. 1,12,400: மார்ச் 2021 பில்கள் ஆறு. சரக்கு 2 ஏப்ரல் முதல் 7 ஏப்ரல் 2021 வரை பெறப்பட்டதால் ஏப்ரல் 2021 ரிட்டர்னில் வரவு எடுக்கப்பட்டது. இவை மார்ச் 2021 GSTR-2Bஇல் உள்ளன. மார்ச் 2021இல் இவற்றுக்கு வரவு எடுக்கப்படவில்லை என்பதற்கான ஒப்பீடு இணைப்பு 2.

ரூ. 1,24,000: இறக்குமதிக்குச் சுங்கத்தில் செலுத்திய ஐ.ஜி.எஸ்.டி., 4(A)(1)க்குப் பதிலாக 4(A)(5)இல் பதியப்பட்டது. ஆண்டு முழுவதும் 4(A)(1)இல் வரவு ஏதும் எடுக்கப்படவில்லை. ஆவணங்கள் இணைப்பு 3.

ரூ. 96,900: சப்ளையர் பதிவு பெறாதோர் விற்பனையாகக் காட்டிய இரண்டு பில்கள். வரி செலுத்தப்பட்டதற்கான சப்ளையர் சான்றும் அவருடைய ரிட்டர்ன் நகல்களும் இணைப்பு 4. சுற்றறிக்கை 193இன்படி இதை ஏற்குமாறு வேண்டுகிறோம். நோட்டீஸ் வேறுபாட்டை மொத்தக் கணக்கில் கண்டிருப்பதால், ஐந்து சதவீத வரம்பையும் ஏப்ரல் முதல் டிசம்பர் 2021 வரையிலான மொத்தத்துக்கே பொருத்த வேண்டும் என்பது எங்கள் பணிவான வாதம்.

ரூ. 1,53,000: இந்தப் பில்லுக்குரிய சரக்கு பெறப்பட்டு, முழுத் தொகையும் வங்கி வழியாகச் செலுத்தப்பட்டுள்ளது. ஆயினும் சப்ளையர் ரிட்டர்ன் தாக்கல் செய்யாததால், இந்த வரவைத் திருப்பி, வட்டி ரூ. 52,816உடன் DRC-03 வழியாகச் செலுத்தியுள்ளோம். வட்டிக் கணக்கும் வரவுப் பேரேடும் இணைப்பு 5. பிரிவு 73(8)இன்படி இத்தொகைக்கு அபராதம் விதிக்க வேண்டாம் என வேண்டுகிறோம்.

உத்தரவு பிறப்பிக்கும் முன் நேரில் விளக்கமளிக்க வாய்ப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

---

தேன்மொழி — 12 அக்டோபர் 2025

இது பதில். முதல் வரைவில் இருந்த வேண்டுகோளின் இடத்தில் இப்போது கணக்கு இருக்கிறது. இரண்டு திருத்தம் மட்டும் சொல்கிறேன்.

நான்காவது பத்தியில் "சரக்கு பெறப்பட்டு" என்பதற்கு ஆதாரமாக இ-வே பில், எடைச் சீட்டு, வங்கி அறிக்கை ஆகியவற்றையும் இணைப்பு 5இல் சேருங்கள். கட்டத்தான் போகிறோமே, ஆதாரம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். விற்றவரின் பதிவு ரத்தானதால், பிற்காலத்தில் யாராவது இதைப் போலிப் பில் என்று எழுதினால் விவகாரம் பிரிவு 74க்குப் போய்விடும், அபராதம் வரிக்குச் சமமாக உயரும். சரக்கு உண்மையாகவே வந்தது என்பது இந்தக் கோப்பிலேயே பதிவாகி இருக்கட்டும்.

73(8) பற்றி ஓர் எச்சரிக்கை. நோட்டீஸ் வந்த முப்பது நாளுக்குள் வரியும் வட்டியும் கட்டினால் அபராதம் இல்லை என்று அது சொல்கிறது. ஆனால் நோட்டீஸில் கேட்ட தொகையில் ஒரு பகுதியை மட்டும் கட்டியவருக்கு அந்தப் பகுதி அளவில் பலன் உண்டா என்பதில் எல்லா அலுவலர்களும் ஒரே கருத்தில் இல்லை. ஏற்காவிட்டால் இந்தத் தொகைக்கு ரூ. 15,300 அபராதம் வரலாம், அதை மேல்முறையீட்டில் எழுப்பலாம்.

---

நெடுநாள் கணக்கர் — 12 அக்டோபர் 2025

DRC-03 போடும்போது Cause of payment என்ற இடத்தில் Voluntary என்று போட்டுவிடாதீர்கள். SCN என்று தேர்ந்தெடுத்து நோட்டீஸின் எண்ணைக் கொடுங்கள், இல்லையென்றால் கட்டிய பணம் இந்தக் கோப்போடு சேராமல் தனியே நிற்கும். வரவைத் திருப்புவதை வரவுப் பேரேட்டிலிருந்து செய்யலாம், வட்டி மட்டும் ரொக்கப் பேரேட்டிலிருந்துதான் போக வேண்டும். 22ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம். கடைசி நாள் மாலையில் போர்ட்டல் சுற்றிக்கொண்டே நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

---

பட்டறை இயக்குநர் — 21 அக்டோபர் 2025

20ஆம் தேதி காலை DRC-03இல் பணம் கட்டி, அன்று பிற்பகலே DRC-06இல் பதிலையும் ஐந்து இணைப்புகளையும் ஏற்றிவிட்டேன். அச்சிட்ட பிரதி ஒன்றை இன்று அலுவலகத்தில் கொடுத்து, மேல் பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டேன். வாயில் பதிவேட்டின் மூலப் பிரதியை விசாரணையன்று கொண்டுவரச் சொன்னார்கள். விசாரணைத் தேதி இன்னும் குறிக்கப்படவில்லை.

இரண்டு பில்களுக்கான சான்றைத் தந்த சப்ளையர், தன்னுடைய விற்பனைப் பதிவேட்டுப் பக்கத்தைத் தரத் தயங்குகிறார், மற்ற வாடிக்கையாளர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன என்கிறார். அந்தப் பெயர்களை மறைத்துக் கொடுத்தால் அலுவலர் ஏற்பாரா?

---

நெடுநாள் கணக்கர் — 21 அக்டோபர் 2025

மறைத்த நகலைக் கொடுங்கள், அந்த மாதத்தின் மொத்தத்தை மட்டும் மறைக்காதீர்கள். அந்த மொத்தம்தான் அவருடைய GSTR-1 தொகையோடு ஒத்துப்போக வேண்டும். அலுவலர் முழுப் பக்கத்தையும் பார்க்க விரும்பினால், சப்ளையரையே அந்தப் பதிவேட்டோடு ஒருமுறை உங்களுடன் வரச் சொல்லிப் பாருங்கள்.